டீ ஆறுகிற கணக்கு: ரெண்டு ரீடிங் போதும் என்று நினைத்தேன், டம்ளர் ஒத்துக்கொள்ளவில்லை

வீட்டிலிருந்து வேலை பார்க்கிற எனக்கு வாரத்தில் நாலு நாளாவது டீ ஆறிப்போகும். அம்மா மேசையில் வைத்துவிட்டுப் போவார், நான் போனில் பேசி முடித்து எடுப்பேன், வாயில் வைத்தால் வெந்நீர்கூட இல்லை, தண்ணீர். போன மாதம் லீவுக்கு வந்திருந்த அண்ணன் மகள் இதைப் பார்த்துவிட்டு, "சித்தப்பா, எத்தனை நிமிஷத்துல ஆறும்னு கணக்குப் போட்டு வச்சுக்கலாமே, எங்க புக்லயே இருக்கு" என்றாள். பன்னிரண்டாம் வகுப்பு கணக்கில் வகைக்கெழுச் சமன்பாடு பாடம். கொதிநீர் பத்து நிமிடத்தில் இத்தனை டிகிரிக்கு வந்தது, அறை வெப்பநிலை இவ்வளவு, இருபது நிமிடம் கழித்து எவ்வளவு இருக்கும் என்று கேட்கிற அதே கணக்குதான். நானும் ஒரு காலத்தில் போட்டு மார்க் வாங்கியிருக்கிறேன், ஆனால் ஒருமுறைகூட டம்ளரில் தெர்மாமீட்டரை விட்டுப் பார்த்ததில்லை. சரி, பார்த்துவிடலாம் என்று உட்கார்ந்தோம்.

கணக்கின் அடிப்படை நியூட்டனின் குளிர்வு விதி, ஒரு வரிதான். டீ ஆறுகிற வேகம் டீயின் சூட்டைப் பொறுத்ததல்ல, அறையைவிட அது எவ்வளவு அதிகச் சூடாக இருக்கிறது என்பதைப் பொறுத்தது. அந்த அதிகப்படியை இங்கே மேற்சூடு என்று சொல்லிக்கொள்கிறேன். அறை 30, டீ 80 என்றால் மேற்சூடு 50. இந்த மேற்சூடு ஒவ்வொரு நிமிடமும் தன்னில் ஒரே பங்கை இழந்துகொண்டே வரும், அதனால்தான் முதலில் சரசரவென்று இறங்கி அப்புறம் இழுத்துக்கொண்டு கிடக்கும். அடுக்குக்குறிச் சிதைவு என்று பாடத்தில் வருவது இதுதான்:

```
T(t) = Ta + (T0 - Ta) * exp(-k*t)
k = ln((T1 - Ta) / (T2 - Ta)) / (t2 - t1)
```

`Ta` அறை வெப்பநிலை, `T0` டீயின் தொடக்க வெப்பநிலை, `T1`, `T2` என்பவை `t1`, `t2` நேரங்களில் டீயின் வெப்பநிலை, `k` ஆறும் வீதம். அறை வெப்பநிலை தெரிந்து, ரெண்டு நேரத்தில் டீயின் வெப்பநிலை தெரிந்தால் `k` வந்துவிடும், `k` வந்தால் மிச்ச நேரமெல்லாம் கையில். மடக்கை வேண்டாம் என்பவர்களுக்கு ஒரு சுருக்குவழி உண்டு: சம இடைவெளிகளில் மேற்சூடு ஒரே விகிதத்தில் குறையும். இருபது நிமிடத்தில் 50 என்பது 35 ஆனால், அடுத்த இருபது நிமிடத்தில் 35-இலிருந்து அதே பத்தில் ஏழு பங்கு, அதாவது 24.5. வெறும் பெருக்கல்.

எங்களிடம் இருந்த சாமான்கள்: ஊசி மாதிரி நீண்ட முனையுள்ள சமையலறை டிஜிட்டல் தெர்மாமீட்டர், 0.1 டிகிரி வரை காட்டும். ஒரு கிராம் வரை காட்டுகிற சமையல் தராசு. எங்கள் வீட்டு எவர்சில்வர் டம்ளர். 150 மில்லி டீ. முதல் ரெண்டு முயற்சி வீணாய்ப் போனது, ரெண்டும் சொல்லத் தகுந்தவை. முதலாவதில் பால் டீ வைத்தோம். எட்டு நிமிடத்தில் ஆடை படிந்துவிட்டது, அதற்குப் பிறகு இறக்கம் மந்தமானது, கலக்கிவிட்டால் மறுபடி வேகம் பிடித்தது. கிராஃபைப் பார்த்தால் படிக்கட்டு மாதிரி இருந்தது. அதனால் பால் இல்லாத டீக்கு மாறினோம். ரெண்டாவதில் ஊசியின் முனை டம்ளரின் அடியைத் தொட்டுக்கொண்டிருந்தது, டீயை அளக்காமல் எவர்சில்வரை அளந்துகொண்டிருந்திருக்கிறோம். கலக்கினால் ஒன்றரை டிகிரி எகிறியதும்தான் தெரிந்தது. அதன்பின் ஒவ்வொரு தடவையும் ஸ்பூனால் ஒரு சுற்று கலக்கிவிட்டு, ஊசியை டீயின் நடுவில் நிறுத்தி, எண் ஆடாமல் நின்றபின் குறித்துக்கொண்டோம்.

இன்னொன்று, டீயை ஊற்றின கணத்திலிருந்து நேரத்தை எண்ணக் கூடாது. முதல் ஒரு நிமிடம் குளிர்ந்த டம்ளரே டீயிடமிருந்து சூட்டைப் பிடுங்கும், அது அறைக்குப் போகிற சூடு அல்ல. அதனால் ஊற்றிவிட்டுக் காத்திருந்து, 80.0 காட்டினபோது கடிகாரத்தைத் தொடங்கினோம். ஃபேன் அணைத்து, ஜன்னல் சாத்தி, அறையில் தொங்குகிற தெர்மாமீட்டர் 30.0. (ஒருமுறை பாதியில் அம்மா வந்து "என்ன இப்படிப் புழுங்குது" என்று ஃபேனைப் போட்டுவிட்டார். அந்தத் தாளையும் கிழித்தாயிற்று.)

மூடாத டம்ளரில் கிடைத்தது இது. தொடக்கத்தில் 80.0, ஐந்தாவது நிமிடத்தில் 72.4, இருபதில் 58.1, நாற்பதில் 47.5, அறுபதில் 41.3.

அண்ணன் மகள் முதல் ரெண்டு எண்ணையும் எடுத்து உடனே `k` கண்டுபிடித்தாள். மேற்சூடு 50, அப்புறம் 42.4, ஐந்து நிமிட இடைவெளி, `k` நிமிடத்துக்கு 0.033. அதை வைத்து நாற்பதாவது நிமிடத்துக்குச் சொன்னது 43.4. டம்ளரில் இருந்தது 47.5. நாலு டிகிரி தள்ளி. நேரமாகச் சொன்னால் இன்னும் மோசம்: டீ 45-க்கு வர 36 நிமிடம் என்றது கணக்கு, நிஜத்தில் 47 நிமிடம் ஆனது.

"இடைவெளி சின்னது, அதனால் பிழை" என்று நான் முதலில் சமாதானம் சொன்னேன். அதில் கொஞ்சம் நியாயம் உண்டுதான். ஒரு நிமிட இடைவெளியில் ரெண்டு ரீடிங் எடுத்தால் டீ இறங்குவதே ஒன்றரை டிகிரி சொச்சம்தான், ரெண்டு எண்ணிலும் 0.1 பிசகினால் `k` பன்னிரண்டு சதவீதம்வரை ஆடிவிடும். மேற்சூடு ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்காகக் குறையும்வரை விட்டு ரெண்டாவது ரீடிங் எடுத்தால் தெர்மாமீட்டர் பிழையின் பாதிப்பு மிகக் குறைவாக இருக்கும். ஆனால் இங்கே ஐந்து நிமிடத்தில் ஏழரை டிகிரி இறங்கியிருக்கிறது, 0.1 பிசகு அவ்வளவு தூரம் இழுக்காது. சந்தேகம் தீர, இருபதாவது நிமிட ரீடிங்கையும் நாற்பதாவதையும் எடுத்து `k` போட்டுப் பார்த்தோம். 0.0237 வந்தது. அதே டம்ளர், அதே டீ, அதே அறை, ஆனால் தொடக்கத்தில் 0.033, அப்புறம் 0.024. மாறிலி என்று எழுதிக்கொண்டிருந்தது நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மாறிக்கொண்டிருந்தது.

எங்கிருந்து வருகிறது அந்த அதிக வேகம்? மேலே எழும்புகிற ஆவியிலிருந்துதான். இதை ஊகமாக விடாமல் தராசில் வைத்துப் பார்த்தோம். டீயோடு டம்ளரை 80 டிகிரியில் ஒருமுறை, நாற்பது நிமிடம் கழித்து ஒருமுறை எடை போட்டோம், ஊசியை வெளியே எடுத்துவிட்டு. ஐந்து கிராம் குறைந்திருந்தது. ஒரு டீஸ்பூன் தண்ணீர். அற்பம் என்று தோன்றும். ஆனால் ஒரு கிராம் தண்ணீர் ஆவியாக ஏறக்குறைய 2,300 ஜூல் வேண்டும், ஐந்து கிராமுக்கு 11,500. அந்த நாற்பது நிமிடத்தில் 150 கிராம் டீ 32.5 டிகிரி இறங்கி இழந்த மொத்தச் சூடு 20,500 ஜூல் சுமார். அதாவது பாதிக்கு மேல் அந்த ஒரு ஸ்பூன் தண்ணீரோடு போயிருக்கிறது; டம்ளரின் பக்கம், அடி, மேல்காற்று எல்லாம் சேர்ந்து மிச்சம்தான்.

ஆவி மேற்சூட்டுக்கு நேர்விகிதத்தில் போகாது என்பதுதான் சிக்கல். 80 டிகிரியில் நீராவி அழுத்தம் 47 கிலோபாஸ்கல், 60-இல் 20, 45-இல் பத்துக்கும் கொஞ்சம் கீழே. மேற்சூடு 50-இலிருந்து 15-க்கு வரும்போது மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே குறைகிறது, ஆவியைத் தள்ளுகிற அழுத்தமோ அறையில் ஏற்கெனவே இருக்கிற ஈரத்தைக் கழித்தால் ஏழில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்ட வந்துவிடுகிறது. ஆகவே சூடாக இருக்கும்போது எடுத்த `k`-இல் ஆவியின் பங்கு தூக்கலாக இருக்கும், அதை ஆறின டீக்குப் போட்டால் டீ நிஜத்தைவிடச் சீக்கிரம் ஆறிவிடும் என்று கணக்கு சொல்லும். எங்களுக்கு நடந்ததும் அதுதான். டீக்கடையில் டீ ஆற்றுகிறவர் இதைத்தான் வேண்டுமென்றே செய்கிறார்: டீயை மெல்லிய தாரையாக இழுத்துக் காற்றில் அதன் மேற்பரப்பைப் பெருக்குகிறார். அம்மாவிடம் சொல்லி டம்ளருக்கும் டவராவுக்கும் நாலு தடவை ஆற்றச் சொன்னேன், அரை நிமிடம்கூட ஆகவில்லை, 80 என்பது 69-க்கு வந்துவிட்டது. குளிர்ந்த டவரா உறிஞ்சினதும் அதில் சேர்த்திதான். சும்மா வைத்திருந்தால் அதற்கு ஏழெட்டு நிமிடம்.

அப்படியானால் ஆவியை அடைத்துவிட்டுப் பார்ப்போம் என்று டம்ளரின் மேல் ஒரு சின்ன எவர்சில்வர் தட்டைக் கவிழ்த்தோம். ரீடிங் எடுக்கிற நேரம் மட்டும் தட்டை ஓரமாய் நகர்த்தி, சட்டென்று மூடிவிட வேண்டும். 80.0-இல் தொடங்கி இருபதாவது நிமிடத்தில் 65.6, நாற்பதில் 55.8, அறுபதில் 49.0. முதல் ரெண்டை மட்டும் போட்டு:

```python
from math import log, exp
Ta = 30.0
t1, T1 = 0, 80.0
t2, T2 = 20, 65.6
k = log((T1-Ta)/(T2-Ta)) / (t2-t1)
print(k)                          # 0.01698
print(Ta + (T1-Ta)*exp(-k*60))    # 48.05
```

கணக்கு 48, டம்ளர் 49. நாற்பதாவது நிமிடத்தில் அரை டிகிரிதான் வித்தியாசம். மூடாத டம்ளரில் நாலு டிகிரி சறுக்கின அதே சூத்திரம் இங்கே நன்றாகவே உட்கார்ந்தது. `k`-யும் பாதிக்குப் பாதி. ஒரு தட்டின் மகிமை.

இந்த இடத்தில் நிறுத்தியிருந்தால் நிம்மதியாய்ப் போயிருக்கும். அண்ணன் மகள் தன் நோட்டில் இதே கணக்கைப் போட்டுவிட்டு, "எனக்கு இன்னும் நல்லா வருதே, 48.9" என்றாள். பார்த்தால், அறை வெப்பநிலைக்குச் சுவரில் தொங்குவதைப் பார்க்காமல் போனில் காட்டுகிற ஊர் வெப்பநிலையைப் போட்டிருக்கிறாள், 34. தப்பான எண். ஆனால் நாற்பதாவது நிமிடத்துக்கு 55.7, அறுபதுக்கு 48.9 என்று டம்ளரோடு ஒட்டிக்கொண்டு வருகிறது. சரியான 30 போட்ட என் கணக்கு ஒரு டிகிரி தள்ளி நிற்கிறது, தப்பான 34 கச்சிதமாய்ப் பொருந்துகிறது!

கொஞ்சநேரம் முழித்தேன். அப்புறம் புரிந்தது. ஆற ஆற `k` மெல்லக் குறைகிறது, அதாவது கடைசியில் டீ நாம் எதிர்பார்ப்பதைவிடச் சோம்பலாக இறங்குகிறது. அறையை 34 என்று சொன்னாலும் டீ கடைசியில் சோம்பலாக இறங்குவதுபோல்தான் கணக்கு காட்டும், ஏனென்றால் இறங்க வேண்டிய தூரமே குறைவு. ஒரு தப்பை இன்னொரு தப்பு மூடிவிடுகிறது. இரண்டு ரீடிங்கை மட்டும் வைத்துக்கொண்டு இதைக் கண்டுபிடிக்கவே முடியாது, எந்த `Ta` கொடுத்தாலும் ரெண்டு புள்ளி வழியாகச் சமர்த்தாக ஒரு வளைகோடு போய்விடும். இப்படியே இரவுவரை விட்டால் மட்டும் மாட்டிக்கொள்ளும், 34-க்குக் கீழே போக அந்தக் கணக்குக்கு வழியில்லை, டீயோ 30-க்குப் போய் நிற்கும்.

இரவுவரை காத்திருக்கத் தேவையில்லாத ஒரு சோதனை உண்டு. சம இடைவெளியில் மூன்றாவதாக ஒரு ரீடிங் எடுத்துக்கொண்டால் அறை வெப்பநிலையைக் கொடுக்கவே வேண்டாம், டீயே சொல்லிவிடும். ரெண்டு இடைவெளியிலும் மேற்சூடு ஒரே விகிதத்தில் குறைய வேண்டும் என்று எழுதி, அதிலிருந்து `Ta`-வைப் பிரித்தெடுத்தால் போதும்:

```
Ta = (T1*T3 - T2*T2) / (T1 + T3 - 2*T2)
```

வருகிற விடை சுவரில் தொங்குகிற தெர்மாமீட்டரோடு ஒத்துப்போனால் `k` நிஜமாகவே மாறிலி. ஒத்துப்போகாவிட்டால் சூத்திரத்துக்குள் அடங்காத ஏதோ ஒன்று நடக்கிறது. மூடாத டம்ளரின் 80.0, 58.1, 47.5 மூன்றையும் போட்டோம். அறை 37.6 டிகிரி என்றது. 30 டிகிரி அறையில் உட்கார்ந்துகொண்டு! ஆவியின் கைவரிசை அந்த ஏழரை டிகிரியில் அப்படியே தெரிகிறது. மூடின டம்ளரின் 80.0, 65.6, 55.8 போட்டால் 34.9. குறைந்திருக்கிறது, ஆனால் தீரவில்லை.

எச்சரிக்கை ஒன்று. இந்தச் சூத்திரத்தின் கீழ்ப்பகுதி சின்ன எண், மூடின டம்ளருக்கு 4.6-தான். நடு ரீடிங் 65.6-க்குப் பதில் 65.7 என்று இருந்திருந்தால் விடை 34.9-இலிருந்து 33.5-க்குத் தாவிவிடும். அதனால் ஒரு டிகிரி ரெண்டு டிகிரி வித்தியாசத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளக் கூடாது. ஐந்து டிகிரி வந்தால் அதைத் தெர்மாமீட்டர் தலையில் கட்ட முடியாது.

ஆவியை அடைத்த பிறகும் மிச்சமிருக்கிற அந்த ஐந்து டிகிரி எங்கிருந்து வருகிறது? அசையாத அறையில் டம்ளரைச் சுற்றிக் காற்றை ஓட்டுவது டம்ளரின் சூடேதான். சூடான பக்கத்தை ஒட்டின காற்று லேசாகி மேலே போகும், கீழிருந்து புதுக் காற்று வரும். டீ ஆற ஆற இந்த ஓட்டமும் தளர்ந்துவிடும், அதனால் ஒவ்வொரு டிகிரி மேற்சூட்டுக்கும் போகிற சூடு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைகிறது. இந்த விதிக்குப் பெயர் கொடுத்த நியூட்டன் 1701-இல் தன் பெயர்கூடப் போடாமல் லத்தீனில் வெளியிட்ட கட்டுரையில், பழுக்கக் காய்ச்சிய இரும்புத் துண்டை அசையாத காற்றில் வைக்கவில்லை, சீராக வீசுகிற காற்றில்தான் வைத்தார். ஒட்டிக்கொண்டு சூடாகிற காற்று உடனுக்குடன் அடித்துக்கொண்டு போய்விட வேண்டும் என்பதுதான் காரணம். வேறு இடத்திலிருந்து வருகிற காற்று டீயின் சூட்டைப் பார்த்துத் தன் வேகத்தை மாற்றிக்கொள்ளாது. வகுப்பில் இந்தக் காற்று விஷயத்தை யாரும் சொல்லவில்லை, எனக்கும்தான்.

அப்படியானால் அம்மா போட்ட ஃபேன்தான் சரி. மறுநாள் தட்டை மூடி, ஃபேனை மூன்றில் வைத்து, முழு ஓட்டமும் ஃபேனைத் தொடாமல் எடுத்தோம். அறை அதே 30.0. ரீடிங் 80.0, இருபதில் 59.7, நாற்பதில் 47.7. நாற்பதாவது நிமிட எண்ணை மட்டும் பார்த்தால் மூடாமல், ஃபேன் இல்லாமல் வைத்த டம்ளரின் 47.5-க்கும் இதற்கும் வித்தியாசமே இல்லை, வழியில் நடு ரீடிங்தான் ஒன்றரை டிகிரி வேறு. அந்த ஒன்றரை டிகிரி என்ன செய்கிறது என்று மூன்று எண்ணையும் சூத்திரத்தில் போட்டாள். மேலே 251.9, கீழே 8.3.

"30.4, சித்தப்பா."

சுவரில் 30.0. இந்தத் தடவை `k` முதல் இருபது நிமிடத்தில் 0.0260, அடுத்த இருபதில் 0.0259.

இப்போது என் வேலைக்கு வருகிறேன். நான் குடிப்பது மூடாத டம்ளரில், 60 டிகிரி வாக்கில். அதற்கு ஆவியோடு மல்லுக்கட்டாமல், வேண்டிய வெப்பநிலைக்கு ரெண்டு பக்கமும் விழுகிற மாதிரி ரெண்டு ரீடிங் எடுத்துக்கொண்டேன். ஐந்தாவது நிமிட 72.4-உம் இருபதாவது நிமிட 58.1-உம் சேர்த்தால் `k` 0.0274; அதை வைத்து 60-க்கு ஐந்தாவது நிமிடத்திலிருந்து பன்னிரண்டரை நிமிடம், ஆக மொத்தம் பதினேழரை. கடிகாரமும் பதினேழு சொச்சம்தான் காட்டியது. போனில் பதினேழு நிமிட அலாரம் வைத்திருக்கிறேன். பால் டீ வருகிற நாளில் மட்டும் ஆடை படிந்து தாமதமாகிறது, அன்றைக்கு இருபது.